விண்ணப்பத்துக்கு விண்ணப்பம் பெயர் மாறாமல் இருக்க: பிட்வார்டனில் ஒரு விவரப் பதிவு

என் தங்கச்சியின் மகள் உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு ஐந்து இடங்களுக்கு இணையத்தில் விண்ணப்பித்தாள். வீட்டில் இருந்து இரண்டு, களுவாஞ்சிக்குடி கொமினிகேஷன் ஒன்றில் இரண்டு, தோழியின் போனில் ஒன்று. ஓரிடத்தில் இருந்து நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்தது. அதில் பெயர் Nirojiny என்று இருந்தது, அடையாள அட்டையில் Nirojini. (பெயரை இந்தக் கட்டுரைக்காக மாற்றியிருக்கிறேன்.) கடைசி எழுத்து ஒன்றுக்காகச் சமாதான நீதவானிடம் போய்ச் சத்தியக் கடதாசி எடுக்க வேண்டி வந்தது. "மாமா, நான் எல்லாத்திலயும் ஒரே பேர்தானே எழுதினன்" என்றாள். அனுப்பிய ஐந்து பிரதிகளையும் மேசையில் பரப்பிப் பார்த்தோம். பெயர் மூன்று விதமாக இருந்தது, முகவரி நான்கு விதமாக இருந்தது.

அவளுடைய கவனக்குறைவு என்று இதைச் சொல்ல மாட்டேன். நம் பக்கத்துப் பிறப்புச் சான்றிதழ் பெரும்பாலும் தமிழில் இருக்கிறது. படிவமோ ஆங்கில எழுத்தில் கேட்கிறது. ஆகவே ஒவ்வொரு முறையும் பெயரைப் புதிதாக ஆங்கிலமாக்குகிறோம், அன்றைக்குக் கை எப்படிப் போகிறதோ அப்படி வருகிறது. காத்தான்குடியிலும் கல்முனையிலும் சம்மாந்துறையிலும் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. முகம்மது என்ற ஒரு பெயரையே Mohamed, Mohamad, Mohammed, Muhammad என்று நான்கு விதமாக எழுதிய ஒரே வீட்டுக்காரர்களைப் பார்த்திருக்கிறேன்.

விவரத்தை ஒரே ஒரு முறை, ஆவணத்தைப் பார்த்து, ஓர் இடத்தில் எழுதிவிட்டு, அதற்குப் பிறகு படியெடுத்து ஒட்டுவதுதான் இதற்கு வழி. நேரம் மிச்சமாவது உண்மைதான். ஆனால் எல்லாப் படிவத்திலும் ஒரே எழுத்து போவதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அவளுக்கு நான் அமைத்துக் கொடுத்ததை அதே ஒழுங்கில் எழுதுகிறேன்.

கணினியைத் திறக்க முன்னர் ஒரு தாள்

பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, சாதாரண தர உயர்தரப் பெறுபேற்றுத் தாள்கள், கடவுச்சீட்டு இருந்தால் அது, கடைசியாக எடுத்த கிராம உத்தியோகத்தர் சான்றிதழ் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். முதலில் தீர்மானிக்க வேண்டியது பெயரின் ஆங்கில எழுத்து. அடையாள அட்டையில் ஆங்கிலத்திலும் பெயர் அச்சாகி இருந்தால் அதுதான் உங்கள் பெயர். அட்டையில் ஆங்கிலம் இல்லாவிட்டால் பெறுபேற்றுத் தாளில் உள்ள எழுத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டு இருந்து, அதில் எழுத்து வேறாக இருந்தால், இரண்டையும் தாளில் குறித்து, எது எந்த ஆவணத்தில் இருந்து வந்தது என்று பக்கத்தில் எழுதுங்கள். உள்ளூர் விண்ணப்பத்துக்கு அட்டையில் உள்ளது, வெளிநாட்டு விண்ணப்பத்துக்குக் கடவுச்சீட்டில் உள்ளது.

நம் படிவங்கள் பெயரை மூன்று விதமாகக் கேட்கும்: முழுப்பெயர், முதலெழுத்துகளுடன் பெயர், முதலெழுத்துகளால் குறிக்கப்படும் பெயர்கள். இவற்றில் மூன்றாவதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். K. Nirojini என்று எழுதும் ஒருவருக்கு முதலெழுத்தால் குறிக்கப்படும் பெயர் Kandasamy மட்டுமே. அந்தப் பெட்டியில் முழுப்பெயரையும் எழுதுவது பிழை. இந்த மூன்றையும் தாளில் தனித்தனி வரியாக எழுதுங்கள். அதன்கீழ் தமிழில் ஒரு வரி.

அடுத்து முகவரி. வீட்டு இலக்கமும் வீதியும் ஒரு வரி, ஊர் ஒரு வரி, அஞ்சல் குறியீடு ஒரு வரி. மட்டக்களப்பு நகரத்துக்கு 30000, கல்முனைக்கு 32300, அம்பாறைக்கு 32000. பெட்டிகள் சிறியதாக இருந்தால் முகவரியை எங்கே வெட்டுவது என்பதையும் இப்போதே முடிவுசெய்துவிடுங்கள்.

அதன் பிறகு பிரதேச செயலகப் பிரிவு. மட்டக்களப்பு மாவட்டத்தில் பிரிவுகள் 14. அவற்றில் ஐந்து மண்முனை என்று தொடங்குகின்றன, ஐந்து கோறளைப்பற்று என்று தொடங்குகின்றன. படிவத்தின் பட்டியலில் ஊர்ப் பெயரைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. களுவாஞ்சிக்குடிக்காரர் தேட வேண்டியது மண்முனை தெற்கு எருவில் பற்று. செங்கலடிக்கு ஏறாவூர் பற்று. ஆரையம்பதிக்கு மண்முனைப் பற்று. வவுணதீவுக்கு மண்முனை மேற்கு. வாழைச்சேனைக்கு கோறளைப்பற்று என்று மட்டும் இருக்கும், அதற்குப் பின்னால் வடக்கு, தெற்கு, மேற்கு, மத்தி எதுவும் வராது. அவசரத்தில் Manmunai என்று தெரிந்த முதல் வரியை அழுத்திவிட்டுப் போனவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். உங்கள் பிரிவின் பெயரையும், கிராம உத்தியோகத்தர் பிரிவின் பெயரையும் இலக்கத்தையும் சான்றிதழில் உள்ளபடி தாளில் எழுதுங்கள்.

சில படிவங்கள் தேர்தல் தொகுதியையும் கேட்கும், அது வேறு கணக்கு. மட்டக்களப்பில் கல்குடா, மட்டக்களப்பு, பட்டிருப்பு என்று மூன்றே தொகுதிகள். அம்பாறையில் அம்பாறை, சம்மாந்துறை, கல்முனை, பொத்துவில் என்று நான்கு. அம்பாறைக்காரருக்கு இன்னுமொன்று: நிர்வாக மாவட்டம் Ampara என்றாலும் தேர்தல் மாவட்டத்தின் பெயர் Digamadulla. பட்டியலில் அம்பாறையைக் காணவில்லையே என்று குழம்ப வேண்டாம்.

பூட்டும் பெட்டி

கணக்குத் தொடங்க முன்னர் உங்களுடைய சொந்த மின்னஞ்சலும், உங்கள் கையில் இருக்கும் சிம்மின் இலக்கமும் வேண்டும். கொமினிகேஷன் கடையில் அந்த நேரத்துக்கு ஒரு மின்னஞ்சலைத் திறந்து தருவார்கள். கடவுச்சொல் அவர்களுக்குத்தான் ஞாபகம் இருக்கும், தெரிவானவர்களுக்கான கடிதமும் அங்கேதான் போய்ச் சேரும். அப்படி ஒன்று உங்களுக்கு இருந்தால், புதிய மின்னஞ்சலைத் தொடங்கி, பழையதைக் கொடுத்த இடங்களில் மாற்றிவிட்டுத்தான் இந்த வேலையில் இறங்குங்கள்.

நான் எடுத்துக்கொள்ளச் சொல்வது பிட்வார்டன். கடவுச்சொல்லையும் சொந்த விவரத்தையும் பூட்டி வைத்து, வேண்டிய இடத்தில் எடுத்துத் தரும் செயலி அது. இலவசக் கணக்கிலேயே எத்தனை கருவியிலும் எத்தனை கடவுச்சொல்லும் வைக்கலாம். குரோமின் சொந்த முகவரிப் பதிவு ஏன் போதாது என்று கேட்டால், அதில் பெயர், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சலுக்குத்தான் இடம் இருக்கிறது. கிராம உத்தியோகத்தர் பிரிவுக்கும் முதலெழுத்துகளால் குறிக்கப்படும் பெயருக்கும் அங்கே இடமில்லை.

`bitwarden.com` என்ற முகவரிக்குப் போய்க் கணக்கைத் தொடங்குங்கள். முதன்மைக் கடவுச்சொல்லுக்குக் குறைந்தது 12 எழுத்து வேண்டும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு ஐந்து சொற்களை இடைவெளி விட்டு எழுதுங்கள். பாட்டு வரியும் பிறந்த திகதியும் தொலைபேசி இலக்கமும் வேண்டாம். இந்தக் கடவுச்சொல்லை மறந்தால் அந்த நிறுவனத்தாலும் அதை மீட்டுத்தர முடியாது, ஏனென்றால் அது அவர்களிடம் இல்லை. ஆகவே ஒரு தாளில் எழுதி, வீட்டில் பிறப்புச் சான்றிதழ் இருக்கும் அதே கோப்புக்குள் வையுங்கள். எழுதி வைப்பது பிழை என்று சொல்பவர்கள் உண்டு. வீட்டு அலுமாரிக்குள் உள்ள தாளைவிட, மறந்துபோய் எல்லாவற்றையும் இழப்பதுதான் நம் வீடுகளில் நடக்கக்கூடியது என்பது என் எண்ணம்.

அடுத்து குரோமில் தனி சுயவிவரம். மேலே வலது மூலையில் உள்ள வட்டப் படத்தை அழுத்தி, புதிய சுயவிவரம் சேர்த்து, அதற்கு "விண்ணப்பம்" என்று பெயர் வையுங்கள். தம்பியும் நீங்களும் ஒரே கணினியைப் பாவித்தால் இது அவசியம். இல்லாவிட்டால் அவன் முகவரிப் பெட்டியில் அடித்தது உங்கள் படிவத்தில் வந்து நிற்கும். ஆனால் சுயவிவரம் என்பது பூட்டு இல்லை. அதே கணினியில் உட்காரும் எவரும் அந்த வட்டத்தை அழுத்தி உங்கள் சுயவிவரத்துக்குள் போகலாம். பூட்டு என்பது பிட்வார்டனின் முதன்மைக் கடவுச்சொல் மட்டும்தான்.

இந்தச் சுயவிவரத்துக்குள் பிட்வார்டன் நீட்சியை, அதாவது உலாவியோடு சேர்ந்து இயங்கும் அதன் சிறு செயலியை, நிறுவுங்கள். பிறகு முகவரிப் பட்டையில் கீழே உள்ள இரண்டையும் ஒவ்வொன்றாக அடித்து, வரும் பக்கங்களில் குரோம் முகவரியையும் கடவுச்சொல்லையும் தானே சேமிக்கும் ஆளிகளை அணைத்துவிடுங்கள்.

```
chrome://settings/addresses
chrome://password-manager/settings
```

குரோமும் பிட்வார்டனும் ஒரே படிவத்தை நிரப்ப வந்தால் எதை எது எழுதியது என்று தெரியாமல் போய்விடும்.

பதிவை எழுதுதல்

பிட்வார்டனில் புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது வகை கேட்கும். Identity என்பதைத் தெரிவுசெய்யுங்கள். பெயர், மின்னஞ்சல், தொலைபேசி, முகவரி வரிகள், ஊர், அஞ்சல் குறியீடு, நாடு எல்லாவற்றுக்கும் அங்கே பெட்டி இருக்கும். First name, Last name என்று பிரித்துக் கேட்கும் இடத்தில் நமக்குச் சிக்கல் வரும், குடும்பப் பெயர் என்று ஒன்று பலருக்கும் இல்லை. கடவுச்சீட்டு இருந்தால் அதில் Surname என்று எது அச்சாகி இருக்கிறதோ அதை வையுங்கள். இல்லாவிட்டால் தகப்பன் பெயரை அங்கே வைத்து, பிறகு மாற்றாமல் அதையே கடைப்பிடியுங்கள்.

முக்கியமானது இதற்குக் கீழே Custom fields என்று வரும் பகுதி. தாளில் எழுதியதெல்லாம் இங்கேதான் போக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் Text என்ற வகையைத் தெரிவுசெய்து, பெயரைத் தமிழில் வையுங்கள்: "முழுப்பெயர்", "முதலெழுத்துகளுடன்", "முதலெழுத்துகளின் விரிவு", "பிரதேச செயலகம்", "கி.உ. பிரிவு", "தேர்தல் தொகுதி", "உயர்தரச் சுட்டெண்ணும் ஆண்டும்", "இசட் புள்ளி". தொலைபேசி இலக்கத்தை இரண்டு விதமாக வையுங்கள், பூச்சியத்தில் தொடங்கும் பத்து இலக்கம் ஒன்று, +94 போட்டு ஒன்று. வீட்டுத் தொலைபேசி இருந்தால் மட்டக்களப்புக்கு 065, அம்பாறைக்கு 063, கல்முனைக்கு 067. அடையாள அட்டை இலக்கத்துக்கும் வங்கிக் கணக்கு இலக்கத்துக்கும் Hidden என்ற வகையைத் தெரிவுசெய்யுங்கள், பக்கத்தில் இருப்பவருக்குத் திரையில் தெரியாது.

அடையாள அட்டை இலக்கத்தை எழுதியதும் ஒரு சோதனை செய்யுங்கள். 12 இலக்க அட்டையில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டப்பட்டிருக்கும். பெப்ரவரியை எந்த ஆண்டிலும் 29 நாளாகவே கணக்கெடுப்பார்கள். மார்ச் 1 என்பது 31, 29, 1 மூன்றையும் கூட்டி 61ஆவது நாள். 2005 மார்ச் 1இல் பிறந்த பெண்ணின் இலக்கம் 2005561 என்று தொடங்க வேண்டும், ஆணுக்கு 2005061. உங்களுடையது இப்படி ஒத்துவராவிட்டால் அட்டையை எடுத்து ஒவ்வோர் இலக்கமாகப் பாருங்கள். அட்டையும் நீங்கள் எழுதியதும் ஒன்றாக இருந்து, பிறந்த திகதி மட்டும் ஒத்துவராவிட்டால், பிறப்புச் சான்றிதழோடு பிரதேச செயலகத்தில் விசாரிக்க வேண்டிய விடயம் அது. ஒன்பது இலக்கமும் V எழுத்தும் உள்ள பழைய அட்டை என்றால் அச்சில் உள்ளபடியே எழுதுங்கள், நீங்களாக 12ஆக மாற்ற வேண்டாம்.

தமிழ்ப் பெயரை ஒருங்குறியில்தான் அடிக்க வேண்டும். பாமினி எழுத்துருவில் அடித்த கடிதத்தில் இருந்து எடுத்து ஒட்டினால் "மட்டக்களப்பு" என்பது `kl;lf;fsg;G` என்று வந்து நிற்கும். பதிவில் அப்படி ஏதாவது தெரிந்தால் அழித்துவிட்டுப் போனின் தமிழ் விசைப்பலகையில் புதிதாக அடியுங்கள்.

படிவத்துக்கு முன்னால்

இந்த நீட்சிக்கு ஒரே அழுத்தில் முழுப் படிவத்தையும் நிரப்பத் தெரியும். ஆனால் நம் ஊர்ப் படிவங்களில் நான் அதை நம்புவதில்லை. அது பெட்டிக்குப் பின்னால் எழுதியுள்ள குறியீட்டுப் பெயர் போன்ற அடையாளங்களைப் பார்த்துத்தான் எதை எங்கே போடுவது என்று ஊகிக்கிறது. `firstname` என்றிருந்தால் புரிந்துகொள்ளும், `txtName2` என்றிருந்தால் எப்படிப் புரியும்? முதலெழுத்துகளுடன் பெயர் கேட்ட இடத்தில் முழுப்பெயரைப் போட்டுவிடும். பட்டியலில் இருந்து தெரிவுசெய்யும் பெட்டிகளைப் பெரும்பாலும் தொடவே தொடாது. ஆகவே மின்னஞ்சல், முகவரி போன்றவற்றை அது நிரப்பட்டும். பெயரின் மூன்று விதங்களையும், அடையாள அட்டையையும், பிரிவுகளையும் பதிவைத் திறந்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் உள்ள படியெடுக்கும் குறியை அழுத்தி ஒட்டுங்கள். அவள் கடைசியாக அனுப்பிய படிவத்தில் 23 பெட்டிகள். அவற்றில் எட்டைத்தான் நீட்சி சரியாக நிரப்பியது, மிச்சத்தை ஒட்டினாள். தட்டச்சுச் செய்தது இரண்டே இரண்டு.

ஒட்டிய பிறகும் "செல்லுபடியற்ற இலக்கம்" என்று சிவப்பில் வந்தால், கடைசி இலக்கத்துக்குப் பின்னால் இடைவெளி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். பெட்டியின் முடிவில் சொடுக்கி ஒருமுறை அழித்துப் பாருங்கள். அது சரிவந்தால் பதிவிலும் போய் அந்த இடைவெளியை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த படிவத்திலும் வரும்.

பிறந்த திகதியை மட்டும் ஒட்ட வேண்டாம். குரோமின் மொழி அமெரிக்க ஆங்கிலமாக இருந்தால் திகதிப் பெட்டியில் mm/dd/yyyy என்று மங்கலாகத் தெரியும், மாதம் முதலில். மார்ச் 5இல் பிறந்தவர் 05/03 என்று அடித்தால் அது மே 3 ஆகிவிடும். சிவப்பு எச்சரிக்கை எதுவும் வராது, ஏனென்றால் அதுவும் சரியான திகதிதான். நாள் 12க்குள் உள்ளவர்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். நாட்காட்டிக் குறியை அழுத்தி, மாதத்தின் பெயரைப் பார்த்துத் தெரிவுசெய்யுங்கள்.

விண்ணப்பத் தளம் புதிய கணக்குத் தொடங்கச் சொன்னால், கடவுச்சொல்லைப் பிட்வார்டனே உருவாக்கட்டும், சேமிக்கவா என்று கேட்கும்போது சரி என்று சொல்லுங்கள். ஐந்து தளத்துக்கும் தொலைபேசி இலக்கத்தையே கடவுச்சொல்லாக வைக்கும் பழக்கம் இதோடு தானாக நின்றுவிடும்.

கடைக் கணினியில்

வீட்டில் கணினி இல்லாதவர்களுக்கும் இது உதவும். பதிவைப் போனில் உள்ள பிட்வார்டன் செயலியிலேயே எழுதலாம். கடைக்குப் போனால் முதன்மைக் கடவுச்சொல்லைக் கடைக் கணினியில் ஒருபோதும் அடிக்காதீர்கள். அடிப்பதையெல்லாம் பதிந்துவைக்கும் மென்பொருள் அதில் இருக்கிறதா என்று உங்களாலும் சொல்ல முடியாது, பல சமயம் கடைக்காரராலும் சொல்ல முடியாது. போனில் பதிவைத் திறந்து கையில் பிடித்துக்கொண்டு, பார்த்து அடியுங்கள். கொஞ்சம் மெதுவாகத்தான் போகும், ஆனால் எழுத்து மாறாது.

கடையில் வேறொருவர் அடித்துத் தந்தால், பெயரை வாயால் சொல்லாமல் போன் திரையைக் காட்டுங்கள். "நிரோஜினி" என்று சொன்னால் அவர் அவருக்குத் தெரிந்தபடிதான் அடிப்பார். குரோமில் விருந்தினர் சாளரம் திறக்கச் சொல்லிக் கேளுங்கள், Guest என்று அந்த வட்டத்தின் கீழ் இருக்கும். அதை மூடியதும் அடித்த விவரம் உலாவியில் நிற்காது. ஆனால் பதிவிறக்கிய பிடிஎஃப் கோப்பு Downloads கோப்புறையில் அப்படியே கிடக்கும். அதை உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டு, கணினியில் இருந்தும் குப்பைத் தொட்டியில் இருந்தும் அழியுங்கள். வாட்ஸ்அப்பைக் கணினியில் திறந்திருந்தால் போனிலேயே இணைக்கப்பட்ட கருவிகள் பகுதிக்குப் போய் வெளியேறுங்கள்.

அனுப்பிய பின்

அனுப்பும் பொத்தானை அழுத்த முன்னர் முன்னோட்டப் பக்கத்தை அடையாள அட்டையோடு ஒருமுறை ஒப்பிடுங்கள். திரையில் உள்ள பிட்வார்டன் பதிவோடு ஒப்பிட வேண்டாம், பதிவிலேயே பிழை இருந்தால் இரண்டும் ஒத்துத்தான் போகும். அனுப்பியதும் வரும் விண்ணப்ப இலக்கத்தை, அந்தத் தளத்தின் கடவுச்சொல் பதிவிலேயே குறிப்புப் பகுதியில் எழுதுங்கள். அன்றைய திகதி, கட்டணம் கட்டியிருந்தால் வங்கிச் சிட்டை இலக்கம், எந்த முகவரியைக் கொடுத்தீர்கள் என்பதும் அதிலேயே இருக்கட்டும். வீடு மாறினாலோ சிம் மாறினாலோ, அந்தக் குறிப்புகளைப் பார்த்தால் எந்தெந்த இடத்துக்கு அறிவிக்க வேண்டும் என்று தெரியும். மருமகளின் பதிவில் இப்போது ஏழு தளங்கள் இருக்கின்றன. போன மாதம் சிம்மை மாற்றியபோது ஏழிலும் இலக்கத்தை மாற்றிவிட்டுத்தான் பழைய சிம்மைக் கழற்றினாள்.